ஒயர் எரியும் புகையும் கோழி கிளறும் சாம்பலும்

"டாக்டர், வணக்கம். நாங்கள் திண்டுக்கல் பக்கம் ஒரு பேரூராட்சியில் இருக்கிறோம். வீட்டை ஒட்டிய காலிமனையில் பக்கத்து வீட்டு அண்ணன் தினமும் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் குப்பையைக் கூட்டி எரிக்கிறார். சருகு, பால் கவர், டயப்பர் எல்லாம் அதில் போகும். அவர் எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர். மாதத்தில் ரெண்டு மூணு தடவை செம்புக் கம்பி எடுக்கப் பழைய ஒயரையும் அதிலேயே போட்டு எரிப்பார். என் மகனுக்கு ஏழு வயது, வீசிங் இருக்கிறது. வெறும் சருகு எரித்தால்கூட இருமுகிறான். சொன்னால், 'இலைதானேம்மா, பிளாஸ்டிக் கொஞ்சம்தான்' என்கிறார். எந்தப் புகை ரொம்ப விஷம்? மாஸ்க் போட்டால் போதுமா? அந்தச் சாம்பலை மாமியார் முருங்கை மரத்துக்குப் போடுகிறார். எங்கள் நாட்டுக்கோழிகளும் அங்கேதான் மேயும். அதனால் ஏதும் வருமா?"

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் காலிமனையில் எரிகிறவற்றில் மிகவும் நச்சானது ஒயர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் மகன் தினமும் இருமுவதற்கு ஒயரைவிடச் சருகும் கவரும் சேர்ந்து புகைவதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று இன்றைக்கே மூச்சுக்குழாயை இறுக்குகிறது. மற்றது உடம்புக்குள் வருஷக்கணக்கில் தங்குகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எதற்கு என்ன செய்வது என்று பிடிபடும்.

முதலில் ஒயர். செம்புக் கம்பியின் மேலுறை பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக்தான். பால் கவர் செய்யும் பாலிதீனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கலப்பில்லாத பி.வி.சி.யின் எடையில் பாதிக்கும் மேல் குளோரின். அது எரியும்போது அந்தக் குளோரினில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியே வரும். பாத்ரூம் கழுவ வாங்குகிறோமே ஆசிட், அந்தப் பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் குத்தும் நெடி இதே வாயுதான். கண்ணின் ஈரத்திலும் தொண்டையின் ஈரத்திலும் கரைந்து அங்கேயே அமிலமாகிவிடும். அதனால்தான் ஒயர் புகை பட்டதும் கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது, வீசிங் உள்ள பிள்ளைக்கு நெஞ்சு உடனே இறுகுகிறது. கொடுமையானதுதான், ஆனாலும் முன்னெச்சரிக்கை கொடுக்கிற விஷம் இது. யாரும் அதன் பக்கத்தில் சும்மா நிற்கமாட்டார்கள்.

நான் அதிகம் பயப்படுவது வாசனையே இல்லாத இன்னொன்றுக்கு. டயாக்சின் என்று ஒரு வேதிப்பொருள் குடும்பம் இருக்கிறது. யாரும் அதை வேண்டுமென்று செய்வதில்லை, தீயில் தானாக உருவாகிறது. அதற்குக் கரி, குளோரின், அரைகுறை வெப்பம் மூன்றும் வேண்டும். புகை ஆறிக்கொண்டே மேலே போகும்போது ஏறக்குறைய 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரையிலான கட்டத்தில் இது மும்முரமாக உண்டாகும். பக்கத்தில் செம்பு இருந்துவிட்டால் அதுவே வினையை முடுக்கிவிடும். ஒயரை எரிக்கும்போது குளோரின் மேலுறையில் இருக்கிறது, செம்பு உள்ளே இருக்கிறது, திறந்தவெளித் தீயில் அந்த அரைகுறை வெப்பமும் கிடைக்கிறது. டயாக்சின் செய்ய வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டாலும் இதைவிட எளிய வழி அமையாது. அடுத்த முறை அவர் ஒயர் எரிக்கும்போது தூரத்திலிருந்தே தீயைப் பாருங்கள். ஓரங்களில் பச்சையும் நீலமுமாகச் சுடர் தெரிந்தால் செம்பும் குளோரினும் அங்கே கலந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குடும்பத்தில் மிகக் கொடியதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் சேர்த்தது. உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்கிக்கொள்ளும். உள்ளே போனதில் பாதி வெளியேறவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகலாம். 'ஒரு நாள் புகைதானே, மறுநாள் சரியாகிவிடும்' என்ற கணக்கு இதற்குச் செல்லாது.

குப்பை எரிக்கும் பெரிய ஆலைகளிலும் இதே வேதியியல்தான் நடக்கிறது. அங்கே வாயுவை 850 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் குறைந்தது 2 நொடியாவது வைத்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. பிறகு சட்டென்று குளிர்வித்து, வடிகட்டித்தான் வெளியே விடுவார்கள். காலிமனையில் வடிகட்டி ஏது? அமெரிக்காவில் வீட்டுக் குப்பையைத் தகர டிரம்மில் போட்டு எரித்து அளந்து பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வின்படி, தினமும் குப்பை எரிக்கும் 2 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்தாலே நாளொன்றுக்கு 200 டன் எரிக்கும் நவீன ஆலைக்கு ஈடான டயாக்சினை வெளியே விட்டுவிடும். குப்பையில் என்ன இருக்கிறது, எப்படி எரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் இரண்டுக்கும் நாற்பதுக்கும் இடையே அவ்வளவு வித்தியாசம். 'பிளாஸ்டிக் கொஞ்சம்தான்' என்று அவர் சொல்வதற்கு இதுதான் என் பதில். ஒயரே இல்லாவிட்டாலும் எச்சில் சோற்றில் இருக்கும் உப்பிலும் குளோரின் உண்டு. அளவு குறையுமே தவிர இல்லாமல் போகாது.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபிளெக்ஸ் பேனர், ரெக்சின், பி.வி.சி. பைப் துண்டு, மாத்திரை அட்டை எல்லாம் பெரும்பாலும் ஒயர் ஜாதிதான். பழைய ஃபோம் மெத்தை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். அது மூடிய அறையில் ஆளையே கொல்லும், வெளியில் காற்று கலந்து வீரியம் குறையும். தெர்மாகோல் கன்னங்கரேலென்று புகையும், அந்தக் கரியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் ஒட்டியிருக்கும். பால் கவர் மெழுகுவர்த்தி போல எரிவதால் இவற்றில் சாது மாதிரித் தெரியும். ஆனால் சருகோடு சேர்ந்து மூச்சுமுட்டிப் புகையும்போது அதுவும் கண்ணைக் கரிக்கும் வாயுக்களை விடும். வெந்நீர் அடுப்பு பற்றவைக்கக் கவரைக் கொளுத்திப் போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

இனி மகனின் இருமல். சருகு சுத்தமான பொருள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குவித்து வைத்த சருகு, அதிலும் பாதி ஈரமாக இருந்தால், கொழுந்துவிட்டு எரியாது, புகைந்துகொண்டே கிடக்கும். அப்படிப் புகையும்போதுதான் நுண்துகள் மிக அதிகமாக வெளியேறும், கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். அந்தத் துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்க முடியாமல் நுரையீரலின் அடி வரைக்கும் விட்டுவிடும். ஏற்கெனவே வீங்கியிருக்கிற மூச்சுக்குழாய்க்கு அது பிளாஸ்டிக்கிலிருந்து வந்ததா, மாவிலையிலிருந்து வந்ததா என்ற பேதமெல்லாம் கிடையாது.

நேரமும் சரியில்லை. பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்துவிடும். காற்று அசையாத மாலைகளில், மார்கழி தை மாதங்களில் அதிகமாக, தரையை ஒட்டிய குளிர்காற்று மேலே போகாமல் அப்படியே தங்கும். புகையும் அதோடு தங்கிவிடும். ஓட்டு மட்டத்தில் பாய் விரித்தாற்போலப் புகை படர்ந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு அவர் ஆறு மணிக்கு எரித்தாலும் ஒன்பது மணிக்கு உங்கள் படுக்கையறையில் அது இருக்கும்.

புகைதான் காரணமா என்பதை ஊகத்தில் விடாமல் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாய் பெரிய மருந்துக் கடைகளில் கிடைக்கும். பையனை நிற்கவைத்து, மூச்சை நிறைய இழுத்து, உதட்டால் குழாய் வாயை இறுக மூடி, ஒரே வீச்சில் பலமாக ஊதச் சொல்லுங்கள். மூன்று முறை ஊதியதில் பெரிய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை. பக்கத்திலேயே அன்று எரித்தார்களா, எப்போது, எது எரிந்தது, இன்ஹேலர் எத்தனை தடவை போட்டோம் என்பதையும் குறியுங்கள். முதல் இரண்டு நாள் எண்ணை விட்டுவிடலாம், பிள்ளைகள் ஊதிப் பழகவே அவ்வளவு நேரம் ஆகும்.

எப்படிப் படிப்பது? அவன் நன்றாக இருக்கும் நாளில் 200 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 160-க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 160-க்குக் கீழே இறங்கினால் டாக்டர் எழுதிக் கொடுத்த நிவாரண இன்ஹேலரை, அதன் வாயில் பொருத்தும் ஸ்பேசர் குழல் வைத்துக் கொடுக்க வேண்டும். 100-க்குக் கீழே வந்தால் இன்ஹேலர் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். எரிக்கும் நாள் இரவில் மட்டும் 150-க்கு வந்து, எரிக்காத நாளில் 190-இல் நின்றால் புகைதான் குற்றவாளி. எரிக்காத நாளிலும் 150 என்றால் கதை வேறு. அவனுடைய ஆஸ்துமாவே கட்டுப்பாட்டில் இல்லை, தினசரி போடும் தடுப்பு இன்ஹேலர் தொடங்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுத் தீயை அணைத்தால் மட்டும் அது சரியாகாது. என்னிடம் வருகிற பல பெற்றோர் புகை மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டு, தடுப்பு இன்ஹேலரை 'பழகிவிடும்' என்று பாதியில் நிறுத்தியிருப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்ததாகச் சொல்லவில்லை, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

எண் என்னவாக இருந்தாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு இடையே தோல் உள்ளே குழிந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ நோட்டை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாஸ்க்கைப் பற்றிக் கேட்டீர்கள். துணி மாஸ்க்கும் மூன்றடுக்கு மாஸ்க்கும் இந்தப் புகைக்குப் பயனில்லை. என்-95 துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஏழு வயது முகத்தில் பெரியவர்களின் மாஸ்க் படியவும் படியாது, கன்னத்து ஓரத்தில் இடைவெளி விழுந்து புகை அந்த வழியாகவே போகும். அதைவிட, தீ வைக்கிறார் என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி, எதிர்ப்பக்கத்து அறையில் பையனை வைத்துக்கொள்ளுங்கள். புகை கலைந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்துவிட மறக்காதீர்கள். பலர் ராத்திரி முழுக்கச் சாத்தியே வைத்து, உள்ளே வந்த புகையையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள்.

இப்போது சாம்பலும் கோழியும். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் கேட்ட இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டயாக்சின் மனித உடம்புக்குள் வருவதில் 90 சதவீதத்துக்கும் மேல் சாப்பாடு வழியாகத்தான், அதிலும் பால், முட்டை, இறைச்சி, மீன் வழியாக. புகையிலும் சாம்பலிலும் இருப்பது மண்ணில் படிகிறது, அந்த மண்ணில் மேயும் உயிரின் கொழுப்பில் சேர்கிறது, அங்கிருந்து நமக்கு வருகிறது. சென்னை பெருங்குடி குப்பைமேட்டைச் சுற்றி வசித்த தாய்மார்களின் தாய்ப்பாலை ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் பரிசோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். மற்ற இடத்துத் தாய்மார்களைவிட அவர்களின் பாலில் டயாக்சின் கூடுதலாக இருந்தது. குப்பைமேட்டில் மேய்ந்த மாடுகளின் பால்தான் அதற்கு ஒரு வழியாக இருக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. தாய்ப்பாலின் நன்மை இதைவிடப் பெரியது, உலக சுகாதார நிறுவனமும் தொடர்ந்து கொடுக்கத்தான் சொல்கிறது.

மாட்டைவிடக் கோழி இன்னும் மோசம். மாடு புல்லைக் கடிக்கும். கோழி மண்ணையே கிளறிக் கொத்தும். அதில் சாம்பலும் கரியும் சேர்ந்தே உள்ளே போகும், முட்டையின் மஞ்சள் கருவில் வந்து உட்காரும். வேகவைத்தாலோ பொரித்தாலோ அது போகாது. கடையில் வாங்குவதைவிட நாட்டுக்கோழி முட்டை நல்லது என்று பையனுக்குத் தினமும் கொடுப்பீர்கள், எனக்குத் தெரியும். மேய்கிற இடம் அந்தக் காலிமனையாக இருக்கும்வரை அதைக் கொடுக்காதீர்கள். கோழிகளைச் சாம்பல் பக்கம் போகாமல் வலை கட்டி உங்கள் முற்றத்தில் அடையுங்கள். சில மாதம் அந்த முட்டையைப் பிள்ளைக்குத் தவிர்த்துவிடுங்கள். புதிதாகச் சாம்பல் உள்ளே போகாவிட்டால் கோழியின் உடம்பில் இருப்பது மெல்லக் குறைந்துவிடும். முட்டையில் டயாக்சின் பார்க்க, அல்லது பையன் ரத்தத்தில் பார்க்க என்று யாராவது சொன்னால் பணத்தை விடாதீர்கள். அதற்கான கருவி சில ஆய்வகங்களில்தான் உண்டு, செலவும் மிக அதிகம். எண் கிடைத்தாலும் நான் சொல்லப்போகிற யோசனை இதேதான்.

செய்யத்தக்க பரிசோதனை வேறொன்று இருக்கிறது. பழைய பி.வி.சி. ஒயர்களின் மேலுறையில் ஈயச் சேர்மங்களைக் கலப்பது வழக்கமாக இருந்தது. எரித்த பிறகு அந்த ஈயம் சாம்பலில் அப்படியே கிடக்கும். உங்கள் மகன் காலிமனையில் விளையாடி, கையைக் கழுவாமல் வாயில் வைக்கிற பிள்ளை என்றால் ரத்தத்தில் ஈய அளவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை அகற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். உங்களுக்கு அந்த இடம் எது என்று இப்போதே தெரியும்.

மாமியாரிடம் முருங்கையைப் பற்றிப் பதமாகச் சொல்லுங்கள். விறகுச் சாம்பல் போட்டு வளர்த்த தலைமுறை அவர்கள். அந்தச் சாம்பலில் தவறில்லை, இந்தச் சாம்பல் அது இல்லை. டயாக்சின் வேர் வழியாக மரத்துக்குள் அவ்வளவாக ஏறாது, எனவே காய்க்குப் பயம் குறைவு. கீரையின் மேல் படியும் தூசுதான் பிரச்சினை, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிடுங்கள். பூசணிக் கொடி மட்டும் விசித்திரமாக மண்ணிலிருந்து டயாக்சினை இழுத்துக்கொள்ளும். அதை அந்தப் பக்கம் போடவேண்டாம். மரத்தடியில் ஏற்கெனவே கொட்டிய சாம்பலைக் காய்ந்த நிலையில் கூட்டினால் பறக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, கையுறை போட்டு, மேல்மண்ணோடு சேர்த்து அள்ளிச் சாக்கில் கட்டுங்கள். எரித்த சாம்பல் என்று சொல்லியே துப்புரவுப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.

கடைசியாக அந்த அண்ணன். திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று உத்தரவிட்டிருக்கிறது. பேரூராட்சியில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் எடுத்தவுடன் அதைக் கையில் எடுக்கச் சொல்லமாட்டேன், நாளைக்கும் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும். என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒயர் எரிக்கும் தொழிலாளி ஒருவர், குரலே கம்மிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர், எரிப்பதை விட்டது நான் சொன்ன புற்றுநோய்க்குப் பயந்து இல்லை. காயலான் கடைக்காரர் சொன்ன விலைக்காக. எரித்து எடுத்த செம்பு கறுத்து, கரி ஒட்டி இருக்கும். உரித்து எடுத்த செம்பு பளபளவென்று இருக்கும், அதற்கு விலை கூட. தடித்த ஒயரைக் கத்தியால் நீளவாக்கில் கீறினால் தோல் கழன்று வந்துவிடும், ஒயர் உரிக்கும் சின்னக் கருவியும் கிடைக்கிறது. உரிக்க முடியாத மெல்லிய ஒயரை அப்படியே எடைக்குப் போடலாம். எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவருக்கு நான் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. உங்கள் வீட்டுக்காரர் சாவகாசமாகப் பேச்சோடு பேச்சாகக் காயலான் கடை விலையைக் கேட்டுப் பார்க்கட்டும்.

சருகுக்கு அதே காலிமனையின் மூலையில் ஒரு குழி போதும். சருகு ஒரு அடுக்கு, மேலே கொஞ்சம் மண், கொஞ்சம் தண்ணீர், வீட்டில் சாணி கிடைத்தால் அதுவும். நான்கைந்து மாதத்தில் மக்கிவிடும், மாமியாரின் முருங்கைக்கு அதைப் போடுங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டோடு, பையன் இப்போது போடும் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்துக்கொண்டு உங்கள் நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள். அவர் முன்னாலேயே ஒரு தடவை இன்ஹேலரை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்து நெஞ்சுக்குப் போகாமல் நாக்கிலேயே தங்கிவிடுகிற பிள்ளைகளை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.